அறிமுகத்துக்கு மேலே இருந்த குறிப்பு

சர்க்கரையைப் பற்றி எழுதியிருக்க வேண்டாமோ என்று இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள்ளேயே அவளுக்குத் தோன்றிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர இடம். மடியில் பை, பையின் மேல் போன், போனில் அவள் எழுதிய ஆறு வரி.

‘வணக்கம். இன்று காலை ஷிஃப்ட்டில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். இதற்கு முன் ஒரு பார்சல் ஆபீசில் பதினோரு வருடம் இருந்தேன். பதினேழு வயதில் ஒரு மகள். எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும், கற்றுக்கொண்டதை மறக்க மாட்டேன். தப்பு செய்தால் சொல்லுங்கள்.’

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சர்க்கரை வேண்டாம் என்று அறிவிக்கிறவள் எப்படிப்பட்டவள் என்று நினைப்பார்கள்? இவளுக்குத் தனியாக டீ போட ஆள் வேண்டுமாக்கும் என்று நினைக்க மாட்டார்களா? மகள் முந்தின நாளே சொன்னாள். “ரொம்ப நீளம்மா. பேரு, ஊரு, சிரிப்பு பொம்மை. அவ்வளவுதான் எழுதணும்.” அவள் கேட்கவில்லை.

அவள் சேர்ந்த இடம் மருந்துக் கிடங்கு. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் மட்டும் வந்து போகும் இடம். இரண்டு குளிர் அறைகள், ஒரு பேக்கிங் கூடம், வண்டிகள் வந்து முதுகைக் காட்டி நிற்கும் ஒரு நீண்ட மேடை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் குரூப்பில் தங்களைப் பற்றி எழுத வேண்டும். காலையில் எழுதினால் போதாதா என்றால், போதாது. வேலை நேரத்தில் எல்லார் போனும் லாக்கரில் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற இடத்தில் ஒருவர் கையிலும் போன் இருக்கக் கூடாது. இரண்டு மணியை ஒட்டி காலை ஷிஃப்ட் போனை வெளியே எடுக்கும், மதிய ஷிஃப்ட் போனை உள்ளே வைக்கும். அந்த அரை மணி நேரம்தான் எல்லாரும் ஒன்றாகக் குரூப்பில் இருப்பது. அப்போது எழுதினால், மொத்தப் பேரும் கூடி புதியவருக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அந்தக் கிடங்கில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

காலை ஷிஃப்ட்டின் பொறுப்பாளர் பெயர் டீச்சர். எதையும் இரண்டு தடவை சொல்வாள் என்பதால் வந்தது. அவளைவிட ஏழெட்டு வயது சின்னவள். மதிய ஷிஃப்ட்டின் பொறுப்பாளர் கேப்டன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் பைலட்.

“உனக்கு என்ன பேரு விழப்போவுதோ,” என்று டீச்சர் காலையில் சிரித்தாள். “உனக்கு முன்னாடி ஒருத்தி வந்தா. முதல் நாளே தும்மிட்டே இருந்தா. நாலு வருஷமா அவ தும்மல்தான். கல்யாணப் பத்திரிகையிலகூட போட்டிருப்பாங்க, மாப்பிள்ளை ஒத்துக்கல.”

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. பார்சல் ஆபீசில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. பூட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முந்தின நாள் பின்கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, மனசு கேட்காமல் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் விட்டு எழுந்து, குடும்பத்தோடு காரில் வந்து பார்த்தார். கதவு பூட்டித்தான் இருந்தது. அதன் பிறகு மூன்று வருடம், அந்த ஆபீசை இழுத்து மூடுகிற வரைக்கும், அவள் எதைக் கேட்டாலும், “பூட்டிட்டேன்க்கா, நல்லா இழுத்துப் பார்த்துட்டேன்,” என்று பதில் வரும். பில்லைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த இடத்தில் அப்படி ஆகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சொன்னதைச் செய்வது, கேட்டால் பேசுவது, அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்காமல் இருப்பது. மூன்று மாதம் போனால் நிரந்தரம். அது வரைக்கும் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள்.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, துவைத்த துணிகளை மடித்து வைக்கிற வரைக்கும் போனைத் தொடாமல் இருந்தாள். அதாவது, ஏழெட்டுத் தடவைக்கு மேல் தொடவில்லை. மகள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேரு பதில் போட்டிருக்காங்க?”

“அறுபத்தி மூணு மெசேஜ்.”

“அடேங்கப்பா. பேரு வச்சாங்களா?”

“இன்னும் இல்ல. பேசிட்டிருக்காங்க. ஒருத்தர் ‘சர்க்கரை’ன்னு போட்டிருக்காரு. இன்னொருத்தர் ‘கசாயம்’னு. கேப்டன்னு ஒருத்தர், அவரு மதிய ஷிஃப்ட்டுக்குப் பெரியவரு, அவரே வந்து போட்டிருக்காரு. ‘வாங்க வாங்க, யானை மாதிரி எதையும் மறக்க மாட்டாங்களாம், அப்ப யானையே இருக்கட்டும்’னு.”

மகள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். “யானை. அப்பாகிட்ட சொல்றேன் இரு.”

யானை பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. யானை யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கலாம் என்று மேலே தள்ளினாள். பொம்மைகள், கைதட்டல்கள், கசாயம், நடனமாடும் ஒரு பூனை, மறுபடி கைதட்டல். தன் ஆறு வரி வந்தது. விரல் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டது போலும், அதற்கு மேலே இருந்ததும் வந்தது.

டீச்சரின் குறிப்பு. ஒன்று நாற்பத்தெட்டுக்குப் போட்டது.

‘மதிய ஷிஃப்ட் கவனத்துக்கு. இரண்டாம் ரூம் ஃபேன் மோட்டார் வேலை நடக்கிறது. அதில் இருந்த இன்சுலின் 24 பெட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்து பேக்கிங் கூடத்தின் பின்மூலையில் இருக்கிறது. மூடிய நேரம் 11.20. ஆறு மணி நேரம்தான் தாங்கும். நாலு மணி வண்டி போனதும் ஒன்றாம் ரூமில் இடம் கிடைக்கும், உடனே உள்ளே ஏற்றவும். கடைசி நேரம் 5.20. மறுபடி சொல்கிறேன், 5.20.’

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

காலையில், லாக்கரில் வைப்பதற்கு முன், டீச்சர் தன் போனைக் காட்டி முந்தின நாள் குறிப்பை அவளுக்கு விளக்கியிருந்தாள். குறிப்பின் அடியில் ஒரு சின்னப் பச்சை டிக். “வர்ற ஷிஃப்ட்டோட பொறுப்பாளர் படிச்சதும் இதைப் போடணும். டிக் இருந்தா பொறுப்பு கைமாறிடுச்சுன்னு அர்த்தம். டிக் இல்லேன்னா யாரும் பார்க்கலேன்னு அர்த்தம். டிக் இல்லேன்னா யாரும் பார்க்கல.” இரண்டு தடவை.

வழக்கமாக டிக் விழுகிற வரைக்கும் டீச்சர் கிளம்ப மாட்டாள், நேரிலும் சொல்லிவிட்டுத்தான் போவாள். இன்றைக்கு அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க டாக்டர் இரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்று ஐம்பதுக்கு, “கேப்டன் பத்து நிமிஷத்துல வந்துருவாரு, டிக்கை நான் போன்ல பார்த்துக்கறேன், நீ உன்னோடதைப் போட்டுட்டுக் கிளம்பு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போட்டாள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு. அதன் மேல் அறுபத்து மூன்று வந்து விழுந்தன. கேப்டன் யானையைப் போட்டது இரண்டு பதினாலுக்கு.

அவர் மேலே போய்ப் பார்க்கவில்லை.

அவள் நேரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்திரண்டு.

“என்னம்மா?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல.”

அந்தப் பெட்டிகளை அவள்தான் கட்டினாள். கட்டியவர்களில் அவளும் ஒருத்தி. ஐஸ் பாக்கெட்டுகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அப்படியே வைக்கக் கூடாது. மேசையில் பரப்பி, வேர்க்கிற வரைக்கும், குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகிவந்தால் பார்ப்பதற்கு நல்ல மருந்து போலவே இருக்கும், வேலை செய்யாது. சூடு ஏறினாலும் கெடுதல்தான். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே போகக் கூடாது. ஒவ்வொரு பாக்கெட்டாகக் காதருகே வைத்துக் குலுக்கியது அவள் கை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சூட்டை நேரத்தோடு பதிவு செய்கிற லாகர் என்ற சின்னக் கருவியை வைத்ததும், மூடிகளின் மேல் நேரம் எழுதிய தாளை ஒட்டியதும் அவளே. பிறகு பைலட் வந்து, மேடைக்குப் போகிற வழி மறைகிறது என்று எல்லாவற்றையும் பின்மூலைக்குத் தள்ளினான். அங்கே கழுவுவதற்காகக் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதே நீலம், அதே அளவு. தாள் மூடிமேல் இருந்தது. அடுக்கு தலைக்கு மேலே உயரம்.

தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டாம் ரூமில் வேலை நடப்பதை வந்ததுமே பார்த்திருப்பார். சரக்கு எங்கே என்று கேட்டிருப்பார். பைலட் காலை ஷிஃப்ட், அவனும் போய்விட்டான். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். டிக் போட மறந்திருப்பார். பதினைந்து வருடம் அனுபவம் உள்ளவர். இன்று காலைதான் வந்து சேர்ந்தவள் அவருக்குப் போன் போட்டு, ஐயா பெட்டியை உள்ளே வைத்தீர்களா என்று கேட்பது…

கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். நாலு முப்பத்தொன்று.

“அம்மா, ஆரம்பிச்சிடாதே,” என்றாள் மகள் அங்கிருந்தே.

“எதை?”

“உன் மூஞ்சியே சொல்லுது. அந்த ஞாயித்துக்கிழமையும் இதே மாதிரிதான் டம்ளர் கழுவுன.”

அவள் போனை மகளிடம் நீட்டினாள். மகள் குறிப்பைப் படித்தாள், கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள். நாற்காலியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“எவ்ளோ பேருக்கான மருந்து இது?”

“தெரியல. ஒரு பெட்டிக்குள்ள இருநூறு டப்பா.”

மகள் உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்; நாலு அடி, ஒரு நிறுத்தம், நாலு அடி.

“உள்ள வச்சிருந்தாங்கன்னா?” என்றாள் அவள்.

“வச்சிருந்தா சிரிப்பாங்க.”

“ம்.”

“வைக்கலேன்னா?”

அவள் குரூப்பில் எழுதினாள். ‘சார், டீச்சர் குறிப்பில் உள்ள 24 பெட்டி உள்ளே போய்விட்டதா?’ கேப்டனின் பெயரைச் சேர்த்து அனுப்பினாள். நாலு முப்பத்தாறு. யாரும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்கள். சரக்கு ஏற்றும் நேரம், எல்லாப் போனும் லாக்கரில். அவள் கேப்டனின் எண்ணை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு இரும்பு அலமாரிக்குள் யாருக்காகவோ. டீச்சரை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு எந்தப் பொறுப்பாளர் பேசுவாள்?

“நேர்ல போயிடட்டுமா?”

“பஸ்ஸுல எவ்ளோ நேரம்?”

“அம்பது நிமிஷம்.”

“போய் என்ன பண்ணுவ? காலி டம்ளரைக் கழுவுவியா?”

திட்டத் தோன்றியது, திட்டவில்லை. பையைக் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை அட்டை, சில்லறை, காலையில் கொடுத்த தற்காலிக அடையாள அட்டை. நிரந்தரமான பிறகுதான் படம் போட்டது தருவார்களாம். இதில் வெறும் எண் ஒன்று. பின்பக்கம் பொடி எழுத்தில், ‘இந்த அட்டையைக் கண்டெடுத்தால் தெரிவிக்கவும்’. அதன் கீழே ஒரு தொலைபேசி எண்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“மெயின் கேட், செக்யூரிட்டி.”

“வணக்கம். நான் இன்னிக்கு சேர்ந்தேன். பேக்கிங்ல.”

“அட்டை தொலைஞ்சிருச்சா? மொத நாளேவா?”

“இல்லங்க, அட்டை இருக்கு. அட்டையைப் பார்த்துதான் கூப்பிடறேன்.”

“இருக்கற அட்டைக்கு எதுக்கும்மா போன்?”

அவள் சொன்னாள். ஒரே மூச்சில், நடுவில் இரண்டு தடவை ‘மன்னிச்சுக்குங்க’ போட்டு. கேட்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

“பாருங்கம்மா,” என்றார். “சரக்கு விஷயமா வெளியேர்ந்து போன் வந்தா நான் புத்தகத்துல எழுதணும். நேரம், யாரு, என்ன விஷயம். காலையில மேனேஜர் வந்ததும் மொதல்ல அதைத்தான் தொறப்பாரு. எழுதிட்டா அழிக்க முடியாது. யோசிச்சுக்குங்க. இல்லேன்னா, அட்டையைப் பத்தி விசாரிச்சீங்கன்னு நான் போனை வச்சிடறேன்.”

நல்ல மனுஷன். உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும். அடுத்த வாரம் அவள் கேப்டனுக்குக் கீழே. மூன்று மாதம் கழித்து அவளைப் பற்றி எழுதப்போகிற தாளில் அவர் கையெழுத்தும் இருக்கும்.

“எழுதிக்குங்க,” என்றாள். “பின்மூலை. மூடிமேல தாள் ஒட்டியிருக்கும். நாலு அம்பது ஆகப்போவுது, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே.”

“தனியா இருக்கேன். கூட இருக்கறவன் டீ குடிக்கப் போயிருக்கான். வந்ததும் போறேன்.”

“எப்ப வருவாரு?”

“அவன் டீ குடிக்கறது உங்களுக்குத் தெரியாது.”

போன் வைக்கப்பட்டது.

வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எங்கே என்று மகள் மேலிருந்து கேட்டது காதில் விழுந்தது. கால் பஸ் நிறுத்தத்துக்குப் போனது. ஒரு பஸ் வந்தது, கதவு திறந்தது, அவள் ஏறவில்லை. டிரைவர் அவளைப் பார்த்தார், அவள் போனைப் பார்த்தாள், கதவு மூடியது. ஐந்து மூன்று. நிறுத்தத்தின் பெஞ்சில் ஒரு பெரியவர் பத்திரிகையை விரித்துக்கொண்டிருந்தார். அவள் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தாள். திரும்பி நடந்தாள்.

“உட்காருங்களேன்,” என்றார் அவர். “அடுத்தது வரப் பத்து நிமிஷம் ஆகும்.”

“நான் பஸ்ஸுக்கு நிக்கல.”

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டீ எவ்வளவு நேரம் குடிப்பார்கள்? கேட்காரர் மறந்திருந்தால்? உள்ளே போய், மேடையில் நின்று கூப்பிட்டு, ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் கேட்காமல் திரும்பியிருந்தால்? நூறு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். நடுவில் ஒன்று மட்டும் வெட்கமாக வந்து வந்து போனது. பெட்டிகள் மூலையிலேயே இருக்க வேண்டும் என்று மனதில் எங்கோ ஒரு ஓரம் ஆசைப்பட்டது. அப்போதுதான் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்ததும் நடப்பதை நிறுத்தினாள். பெஞ்சின் முனையில் உட்கார்ந்தாள்.

ஐந்து பத்தொன்பதுக்குப் போன் அடித்தது. கேப்டன்.

“யாரு, யானையா?” குரலில் மூச்சு வாங்கியது. சிரிப்பில்லை.

“சொல்லுங்க சார்.”

“உள்ள ஏத்தியாச்சு. இருபத்தி நாலும். கடைசிப் பெட்டி அஞ்சு பதினேழு.”

“டெம்பரேச்சர் சார்?”

“பெட்டிக்குள்ள இருக்கற லாகர்ல அதிகபட்சம் ஏழு புள்ளி மூணு. எட்டைத் தாண்டல. மருந்துக்கு ஒண்ணும் ஆகல.” ஒரு பெரிய மூச்சு. “நான் எல்லாம் ஒண்ணாம் ரூம்லதான் இருக்கும்னு நெனச்சேன். இடம் இல்லாததே எனக்குத் தெரியாது. குறிப்பே என் கண்ணுல படல. குரூப்பைத் தொறந்தா பூனை ஆடுது.”

“என் மெசேஜ்தான் சார் குறுக்கால வந்துடுச்சு.”

“அது கெடக்கட்டும். நீங்க எதுக்கு கேட்டுக்குப் போன் போட்டீங்க?”

“உங்களைக் கூப்பிட்டேன் சார். எடுக்கல.”

“சரி. இப்ப ஒண்ணு செய்யுங்க.” குரல் இறங்கியது. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் போல, கொஞ்சம் நடந்து தள்ளிப் போவது கேட்டது. “கேட்டுக்கு இன்னொரு தடவை போன் போடுங்க. புதுசு, தெரியாம பதறிட்டேன், பெட்டியெல்லாம் முன்னாடியே உள்ள போயிருந்துச்சுன்னு சொல்லுங்க. அவரு அதையும் எழுதிக்குவாரு. காலையில மேனேஜர் படிச்சுட்டு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. மொத நாள்தானே, உங்களை யாரு என்ன சொல்லப் போறா? எனக்குத்தான் இது ரெண்டாவது தடவை. போன மாசம் ஒண்ணு ஆயிடுச்சு. புரியுதா?”

புரிந்தது. நன்றாகப் புரிந்தது. பெரியவர் பத்திரிகையைத் திருப்பினார்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

“மருந்துக்கு ஒண்ணும் ஆகலியே. யாருக்கு என்ன நஷ்டம்?”

சிரித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். அவளுக்குப் பழக்கப்பட்ட சிரிப்பு. மூன்று வருடம் அதோடு வாழ்ந்தாயிற்று, இன்னொரு மூன்று வருடமும் வாழ்ந்துவிடலாம். கேப்டன் அவளை மறக்க மாட்டார், நல்ல விதமாக. அடுத்த முறை யாராவது டிக் இல்லாத ஒரு குறிப்பைப் பார்ப்பார்கள். பார்த்து, பேசலாமா என்று யோசித்து, முதல் நாளே வீணாகக் கூச்சல் போட்டவளின் கதையை நினைத்துக்கொண்டு, சும்மா இருந்துவிடுவார்கள். அவளே சும்மா இருந்துவிடுவாள்.

“லாகர்ல நேரமும் இருக்குமே சார்,” என்றாள். “உள்ள வச்சதும் சூடு இறங்கினது எத்தனை மணிக்குன்னு அதுல தெரியும்.”

“எட்டைத் தாண்டலேன்னா அதை யாரு பார்க்கப் போறா?”

கிடங்கின் பெரிய ஷட்டர் இறங்குகிற சத்தம் போனில் நெடுநேரம் கேட்டது.

“நான் அப்படிச் சொல்ல முடியாது சார்,” என்றாள் கடைசியில். “அஞ்சு பதினேழுக்கு உள்ள போச்சுன்னு சொல்றேன். கேட்காரர் வந்து சொன்ன உடனே நீங்களே நின்னு ஏத்தினீங்கன்னும் சொல்றேன். அது நெஜம்தானே. என் அறிமுகத்தால குறிப்பு மேல போயிடுச்சுன்னும் எழுதறேன். அதுவும் நெஜம்.”

“எங்க எழுதுவீங்க?”

“குரூப்ல.”

“எல்லாரும் பார்க்கறாப்பலயா?”

“ஆமா சார்.”

“உங்க இஷ்டம்,” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெறுமனே போனை வைத்தார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். எழுதி அழித்து எழுதினாள். இந்தத் தடவை நீளத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

‘இன்று 1.48க்கு டீச்சர் போட்ட குறிப்புக்குக் கீழே 1.55க்கு என் அறிமுகத்தைப் போட்டேன். டிக் விழவில்லை என்பதைப் பார்க்காமல் போட்டது என் தவறு. பதில்கள் வந்ததில் குறிப்பு மேலே போய்விட்டது. 4.36க்கு இங்கே கேட்டேன், பிறகு கேட்டுக்குப் போன் செய்தேன். கேப்டன் சார் நின்று 5.17க்குள் 24 பெட்டியையும் ஒன்றாம் ரூமில் ஏற்றினார். அதிகபட்சம் 7.3. இனி சேருகிறவர்கள் டிக் விழுந்த பிறகு அறிமுகம் எழுதினால் நல்லது.’

அனுப்பினாள். ஐந்து முப்பத்தெட்டு.

ஐந்தரைக்கு மதிய ஷிஃப்ட்டுக்கு டீ இடைவேளை. போன்கள் வெளியே வந்திருந்தன. ஒவ்வொருவராகப் பார்ப்பது தெரிந்தது. நாலு பேர், ஒன்பது பேர், பதினாலு பேர். கைதட்டல் இல்லை. பூனை இல்லை. மத்தியானம் கசாயம் என்று எழுதியவர் பார்த்தார், ஏதோ எழுதத் தொடங்கினார், நிறுத்திவிட்டார். இருபத்தொரு பேர். ஒரு கூடம் நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள், உடனே நிமிர்த்தினாள்.

பஸ் வந்தது. பெரியவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்தார். “வரலியா?” என்றார்.

“என் வீடு இங்கதான். இந்தத் தெருவுலதான்.”

அவர் ஒன்றும் புரியாமல் ஏறிப்போனார்.

அவள் மறுபடி மேலே தள்ளிப் பார்த்தாள். தன் புது மெசேஜ், அதற்கு மேலே பொம்மைகள், பூனை, தன் ஆறு வரி, டீச்சரின் குறிப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பின் அடியில் பச்சை டிக் விழுந்தது. தொட்டுப் பார்த்தாள். கேப்டன். மூன்றரை மணி நேரம் தாமதமாக. அதன் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. கோபமா, ஒப்புதலா, இரண்டுமா, அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, அவர் எதிரில் போய் நிற்கும்போதுதான் தெரியும். அது வரைக்கும் இன்னும் ஆறு நாள்.

டீச்சரிடமிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. வாயில் பஞ்சோடு பேசியது. மூன்று தடவை கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அது தெரிந்தோ என்னவோ, பின்னாலேயே எழுத்தில் வந்தது.

‘இப்பத்தான் போனைத் தொறந்தேன். நான்தான் டிக்கைப் பார்த்திருக்கணும். நாளைக்கு அஞ்சே முக்காலுக்கே வந்துடு. இருபத்தி நாலு லாகரையும் இறக்கிப் படிச்சு, மேனேஜர் வர்றதுக்குள்ள அறிக்கை எழுதணும். கேப்டனும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அஞ்சே முக்கால்.’

‘சரி,’ என்று அவள் எழுதினாள். இன்னும் என்னவோ கேட்க வேண்டும் போல இருந்தது. கேப்டன் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று. கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நாலே முக்கால் பஸ். அப்படி ஒரு பஸ் உண்டா என்று நிறுத்தத்தின் பலகையில் தேடினாள். எண்கள் பாதி உரிந்திருந்தன. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள்.